வாஷிங் மெஷின் ஸ்டிக்கர் சொல்வதும் சொல்லாததும்

"இன்வெர்ட்டர் மோட்டார் சார், டைரக்ட் டிரைவ், ஃபைவ் ஸ்டார். மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டி. கரண்ட் பில் பாதியாகக் குறைந்துவிடும்."

ஆடித் தள்ளுபடி நேரத்தில் எந்த வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் நுழைந்தாலும் இந்த வாசகம் காதில் விழும். பக்கத்திலேயே இன்னொரு மெஷின் நிற்கும். அதே 7 கிலோ, அதே நிறம், ஸ்டிக்கர் மட்டும் குறைவு, விலையில் மூவாயிரம், நாலாயிரம் கம்மி. எதை எடுப்பது? விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் மூன்று ஸ்டிக்கர்களையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், மூன்றும் ஒரே விஷயம் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் ஒன்று மோட்டாருக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறது. இன்னொன்று மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, ஒரு கிலோ துணி துவைக்க எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் செலவாகும் என்பதைச் சொல்கிறது.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுவதற்கு வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கிறோமே, அந்த இன்வெர்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்வெர்ட்டர் வாஷிங் மெஷினுக்குள் பேட்டரி எதுவும் கிடையாது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாதாரண டாப் லோட் மெஷினில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் அந்த 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. அதற்கென்று ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். மெஷினின் போர்டு அதை இந்தப் பக்கம் சுற்றவிட்டு நிறுத்தும், பிறகு அந்தப் பக்கம் சுற்றவிடும், அவ்வளவுதான். பழைய மெஷின்கள் துவைக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு உதறல் உதறி, 'டக்' என்று சத்தம் போடுவது இதனால்தான். பழைய ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் இருந்தது வேறு வகை. அதன் பெயர் யுனிவர்சல் மோட்டார். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். ஆனால் சுழலும் பகுதிக்குள் மின்சாரம் செலுத்த இரண்டு கார்பன் பிரஷ்கள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உரசினால் தேயும். தேய்ந்து முடியும் தறுவாயில் பொறி பறக்கும், கருகிய வாடை வரும், ஒருநாள் டிரம் சுற்றாமல் நின்றுவிடும்.

இன்வெர்ட்டர் மெஷினில், வீட்டு மின்சாரத்தை போர்டு முதலில் நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு மோட்டாருக்கு அந்த நொடியில் எந்த வேகம் தேவையோ, அந்த வேகத்துக்கு ஏற்ற மாறுமின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தருகிறது. மோட்டாரின் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன. அதற்குள் மின்சாரம் செலுத்த வேண்டியதில்லை, ஆகவே பிரஷும் இல்லை, உரசலும் இல்லை. பி.எல்.டி.சி. மோட்டார் என்று ஃபேன் விளம்பரங்களில் வருவதும் இதே குடும்பம்தான்.

இதனால் துணி துவைக்கிறவருக்கு என்ன லாபம்? ஒன்று, சத்தம் குறைவு. மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்க முடிவதால் உதறல் இல்லை. இரண்டு, பட்டுப்போன்ற மெல்லிய துணிக்கு ஒரு விதமாகவும், ஜீன்ஸுக்கு வேறு விதமாகவும் டிரம்மைச் சுற்ற முடியும். மூன்றாவதை மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணாலேயே காணலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் உடனே வராது. காய்ந்த துணியோடு டிரம் சில நொடிகள் இப்படியும் அப்படியும் அசையும். அந்தத் துணியைச் சுற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை வைத்து போர்டு எடையைக் கணக்குப் போடுகிறது. பிறகுதான் எவ்வளவு தண்ணீர் எடுப்பது, எத்தனை நிமிடம் ஓடுவது என்று முடிவு செய்கிறது. பிழியும் கட்டத்திலும் இதே வேலை நடக்கிறது. பெட்ஷீட் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தால் டிரம் வேகமெடுக்காமல் நின்று, துணியைப் பிரித்துப் போட்டு மறுபடி முயலும். சாதாரண மோட்டார் மெஷின்களும் ஓரளவு இதைச் செய்யும் என்றாலும், இன்வெர்ட்டரில் இது இன்னும் துல்லியமாக நடக்கும்.

டைரக்ட் டிரைவ்: பெல்ட் போனது

வீட்டு வெட் கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். மோட்டாரின் சின்னச் சக்கரம் பலமுறை சுற்ற, பெல்ட் வழியாகப் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும். பெரும்பாலான வாஷிங் மெஷின்களிலும் இதுதான் ஏற்பாடு. மோட்டார் கீழே இருக்கும், டிரம்மின் பின்புறம் ஒரு பெரிய சக்கரம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பெல்ட்.

டைரக்ட் டிரைவில் பெல்ட்டும் இல்லை, சக்கரமும் இல்லை. மோட்டாரையே அகலமான தட்டுப்போலச் செய்து, டிரம்மின் அச்சிலேயே போல்ட் போட்டு மாட்டிவிடுகிறார்கள். செம்புச் சுருள்கள் கொண்ட பகுதி தொட்டியின் முதுகில் அசையாமல் இருக்கும். அதைச் சுற்றிக் கிண்ணம்போலக் கவிழ்ந்திருக்கும் காந்தப் பகுதி சுழலும். அது சுழன்றால் டிரம்மும் சுழலும். நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் 1991-இல் இந்த முறையில் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998-இல் எல்ஜி தன்னுடைய டைரக்ட் டிரைவ் மெஷினை வெளியிட்டது. இந்தியக் கடைகளில் இந்தப் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இன்று கடையில் இருக்கும் டைரக்ட் டிரைவ் மெஷின்கள் எல்லாமே இன்வெர்ட்டர் மெஷின்கள்தான். ஆனால் இன்வெர்ட்டர் மெஷின் எல்லாம் டைரக்ட் டிரைவ் அல்ல. இன்வெர்ட்டர் மோட்டாரை பெல்ட்டோடு பொருத்திய மாடல்கள், பெரிய பெயருள்ள நிறுவனங்களிடமும் உண்டு. 'இன்வெர்ட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால், "பெல்ட் உண்டா, இல்லையா?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கடையிலேயே கையால் ஒரு சோதனை செய்யலாம். கரண்ட் கொடுக்காத ஃப்ரண்ட் லோட் மெஷினின் கதவைத் திறந்து டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டைரக்ட் டிரைவ் என்றால், காந்தங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவதுபோல விரலில் லேசான தடங்கல் தெரியும். பழைய பிரஷ் மோட்டாரும் பெல்ட்டும் உள்ள மெஷினில் டிரம் வழுக்கிக்கொண்டு ஓடும், அடியில் மோட்டாரும் சேர்ந்து ரீங்கரிக்கும் சத்தம் கேட்கும். இதை முடிவான ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் விற்பனையாளரிடம் அடுத்த கேள்வி கேட்க இது போதும்.

பெல்ட் இருப்பது குறையா? அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பெல்ட் தேயும், தளரும். மெஷின் துவைக்கும், ஆனால் பிழியும்போது வேகம் எடுக்காமல் துணி சொட்டச் சொட்ட வெளியே வரும், ரப்பர் கருகும் வாடை வரும். அதை மாற்றுவது தெருமுனை மெக்கானிக்கே சிறிது நேரத்தில், சில நூறு ரூபாயில் முடித்துத் தரக்கூடிய வேலை. டைரக்ட் டிரைவில் அந்த வேலையே இல்லை. அதிர்வும் குறையும், சத்தமும் குறையும். சுவருக்கு அந்தப்பக்கம் தூங்கும் குழந்தை இருக்கும் அபார்ட்மென்ட் வீட்டில் அது சின்ன லாபம் அல்ல.

பழுது எங்கே வருகிறது?

பத்து வருட வாரண்டி என்ற வாக்கியத்தை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். அது மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டுமான உத்தரவாதம். பிரஷ் இல்லாத மோட்டாரில் இருப்பது செம்புச் சுருளும் காந்தமும்தான், தேய்வதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதாவது, மிகக் குறைவாகக் கெட்டுப்போகும் பாகத்துக்குத்தான் மிக நீளமான வாரண்டி.

இன்வெர்ட்டர் மெஷினில் பர்ஸைப் பதம்பார்ப்பது எலெக்ட்ரானிக் போர்டு. மோட்டாரை ஆட்டுவிக்கும் மின்னணுச் சுவிட்சுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. திடீரென்று வோல்டேஜ் ஏறினாலோ, இடி மின்னலில் லைனில் அதிர்ச்சி வந்தாலோ முதலில் அடிபடுவது அதுதான். ஈரமும், உள்ளே கூடு கட்டும் கரப்பான் பூச்சியும், ஒயரைக் கடிக்கும் எலியும் அதற்கு அடுத்த எதிரிகள். போர்டு மாற்ற நேர்ந்தால் செலவு ஆயிரங்களில் போகும். மோட்டாருக்குப் பத்து வருடம் தருகிற நிறுவனமே போர்டுக்குப் பொதுவான வாரண்டிக் காலத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பெரும்பாலும் இரண்டு வருடம்.

இன்னொரு பெரிய செலவு பேரிங். டிரம்மின் அச்சைத் தாங்கும் பேரிங்கைத் தண்ணீர் தொடாமல் காப்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். பிழியும்போது ஆகாய விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல் வந்தால், டிரம்மைக் கையால் மேலும் கீழும் ஆட்டும்போது கடகடவென்று ஆடினால், பேரிங் போய்விட்டது என்று பொருள். இந்தப் பழுதுக்கு பெல்ட், டைரக்ட் டிரைவ் என்ற பேதம் கிடையாது. டைரக்ட் டிரைவில் ஒரு கவலை கூடுதல்: மோட்டார் அதே அச்சில் பின்னாலேயே இருப்பதால், கசியும் தண்ணீர் அதன் மேலும் படலாம். சில மாடல்களில் வெளித்தொட்டியை இரண்டாகப் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டிருப்பார்கள். அதில் பேரிங் போனால் தொட்டியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் பக்கத்துச் சர்வீஸ் மெக்கானிக்கிடம் மாடலைச் சொல்லி, "இதில் பேரிங் தனியாக மாற்ற முடியுமா?" என்று கேட்டுவைப்பது நல்லது.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

ஸ்டார் லேபிள் கொடுப்பது மத்திய அரசின் பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் அமைப்பு. வாங்குகிறவர் நட்சத்திரத்தை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறார். அதற்குக் கீழே இருக்கும் இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒரு கிலோ துணியை ஒருமுறை துவைக்க எத்தனை யூனிட் மின்சாரம். மற்றொன்று, அதே ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர். இந்த எண்களை மெஷினின் கிலோ அளவால் பெருக்கினால் ஒரு முழு லோடின் செலவு வந்துவிடும்.

மடிப்பாக்கத்தில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம், மாதம் 25 முறை துவைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டு டாப் லோட் மெஷின்கள், இரண்டும் 7 கிலோ, தண்ணீரைச் சூடாக்காதவை. எடுத்துக்காட்டாக, அதிக நட்சத்திரம் உள்ளதில் மின்சார எண் 0.011 என்றும், குறைந்ததில் 0.016 என்றும் போட்டிருக்கிறது. முதல் மெஷின் ஒரு லோடுக்கு 0.077 யூனிட் எடுக்கும், மாதத்துக்கு ஏறத்தாழ 2 யூனிட். இரண்டாவது மாதத்துக்கு 2.8 யூனிட். வித்தியாசம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று சற்றுக் கூட்டியே கணக்கிட்டாலும், மாதம் 7 ரூபாய், வருடத்துக்கு 84 ரூபாய். மெஷின் விலையில் 3,000 ரூபாய் வித்தியாசம் என்றால், அதை மின்கட்டணத்தில் திரும்ப எடுக்க 35 வருடம் ஆகும். எந்த மெஷினும் அத்தனை நாள் ஓடப்போவதில்லை.

ஆக, பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வீட்டில் "கரண்ட் பில் பாதியாகும்" என்பது பொருளற்ற பேச்சு. வாஷிங் மெஷின் மோட்டார் எடுக்கும் மின்சாரமே கொஞ்சம், அதில் மிச்சம் பிடிப்பது அதைவிடக் கொஞ்சம். ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் நட்சத்திரம் செய்கிற வேலையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அவை நாள் முழுக்க ஓடுபவை.

மின்சாரம் உண்மையில் செலவாவது தண்ணீரைச் சூடாக்கும்போதுதான். ஃப்ரண்ட் லோட் மெஷினில் இருக்கும் ஹீட்டர் சுமார் 2,000 வாட். 28 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஐந்தில் ஒரு பங்கு யூனிட் தேவை. 60 டிகிரி என்றால் அரை யூனிட்டைத் தாண்டும். துணியும் டிரம்மும் குடிக்கும் சூடு தனி. ஒரே ஒரு 60 டிகிரி துவைப்புக்கு ஆகும் மின்சாரம், மேலே பார்த்த டாப் லோட் மெஷினில் ஏழு லோடு துவைக்கும் மின்சாரத்துக்குச் சமம்.

ஹீட்டரோடு துவைக்கும் மெஷினின் லேபிளில் இந்தச் சூட்டின் செலவும் சேர்ந்திருக்கும். அதனால்தான் ஐந்து நட்சத்திர ஃப்ரண்ட் லோட் மெஷினின் மின்சார எண், அதே ஐந்து நட்சத்திர டாப் லோட் மெஷினின் எண்ணைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். இதில் பிழை ஏதும் இல்லை. நட்சத்திரம் அந்தந்த வகைக்குள் மட்டும் ஒப்பிடுவதற்கானது. டாப் லோடின் ஐந்தையும் ஃப்ரண்ட் லோடின் ஐந்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஃப்ரண்ட் லோட் வாங்கியவர்கள் தினசரித் துணிக்கு 'கோல்டு' என்ற தேர்வை வைத்துக்கொண்டால் அந்தச் செலவின் பெரும்பகுதி மறைந்துவிடும். மொட்டைமாடி டேங்கில் வெயில் குடித்துக் கிடக்கும் தண்ணீருக்கு ஹீட்டர் அவசியமும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறைத் துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் துணி போன்றவற்றுக்கு மட்டும் சூடு தேவைப்படும்.

இரண்டாவது எண்ணான தண்ணீர்தான் தமிழ்நாட்டு நகரங்களில் அதிகம் பார்க்க வேண்டியது. டாப் லோடில் துணி மிதந்து சுழலும் அளவுக்குத் தொட்டி நிரம்ப வேண்டும். ஃப்ரண்ட் லோடில் டிரம் துணியைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் அடியில் கொஞ்சம் தண்ணீர் போதும். ஒன்றில் கிலோவுக்கு 16 லிட்டர், மற்றொன்றில் 9 லிட்டர் என்று லேபிள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோ லோடுக்கு 112 லிட்டர், 63 லிட்டர். வித்தியாசம் 49 லிட்டர். மாதம் 25 முறைக்கு 1,225 லிட்டர், வருடத்துக்கு 14,700 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது ஒரு 12,000 லிட்டர் லாரியைவிட அதிகம். மாதம் ஏழு ரூபாய் மின்சார மிச்சத்தைவிட இந்தக் கணக்கு கனமானது.

லேபிளின் எண்கள் முழு லோடுக்கானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 9 கிலோ மெஷினை வாங்கி, தினமும் இரண்டு கிலோ துணி போட்டால், மெஷின் எடையைக் கணித்துத் தண்ணீரைக் குறைத்தாலும் அதே விகிதத்தில் குறைக்காது. கிலோவுக்கு ஆகும் செலவு லேபிளைத் தாண்டிவிடும். லேபிளில் அது செல்லுபடியாகும் காலமும் அச்சிட்டிருக்கும். விதிகள் கடுமையாகும்போது பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் இறங்கிப் போகலாம் என்பதால், ஸ்டாக் தள்ளும் தள்ளுபடியில் அந்தத் தேதியையும் பார்த்துவிடுவது நல்லது.

எதற்குக் காசு கொடுக்கலாம்?

இன்வெர்ட்டருக்கு மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பது தவறில்லை. ஆனால் அது சத்தம் குறைவதற்கும், துணி நைந்துபோகாமல் இருப்பதற்கும், பிரஷ் மாற்றும் தொல்லை இல்லாமல் இருப்பதற்கும் கொடுக்கும் விலை. கரண்ட் பில் குறையும் என்ற ஒரே காரணத்துக்காக என்றால், அந்தப் பணம் திரும்ப வராது. டைரக்ட் டிரைவ், அபார்ட்மென்ட் வீட்டுக்கும் இரவில் துவைப்பவர்களுக்கும் நல்ல தேர்வு. சர்வீஸ் சென்டர் தூரத்தில் இருக்கும் ஊரில், வோல்டேஜ் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்தில், பெல்ட் போட்ட எளிய மெஷினை உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார் என்பதும் ஒரு பலம்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டர் மெஷின் வாங்கினால், நிறுவனம் சொல்லும் வோல்டேஜ் எல்லையைக் கேட்டு, தேவைப்பட்டால் ஸ்டெபிலைசரும் போட வேண்டும். ஹீட்டர் உள்ள மெஷினை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகக் கூடாது. ஹீட்டர் மட்டுமே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பெல்ட் உண்டா, இல்லையா? போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி? மோட்டார் வாரண்டியில் மெக்கானிக் கூலியும் வருகைக் கட்டணமும் சேருமா? லேபிளில் கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? வாரண்டியைப் பற்றிய பதில்களை வாயால் கேட்டதோடு விட்டுவிடாமல், வாரண்டி அட்டையில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.